தானியேலுக்கு எழுதிய இரண்டு மணி நேரம்

தானியேல் ஓட ஆரம்பித்தது உடம்புக்காக அல்ல, ஷேர் ஆட்டோ நின்றுபோனதற்காக. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடமாக அவன் கான்ட்ராக்ட் ஆள். வார்ப்பிலிருந்து வரும் இரும்புத் துண்டுகளின் பிசிறைக் கிரைண்டரில் தேய்த்து எடுப்பது வேலை. ஊரிலிருந்து கம்பெனிக்கு ஐந்து கிலோமீட்டர். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் வந்துகொண்டிருந்த ஒரே ஆட்டோக்காரர் வண்டியை விற்றுவிட்டு ஆந்திரப் பக்கம் போய்விட்டார். சைக்கிள் வாங்குவோம் என்று மனைவி ஏஞ்சலின் சொல்லிக்கொண்டிருந்தாள். அது வருவதற்குள் தானியேல் யூனிபார்மைப் பையில் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினான். அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சம்பளச் சீட்டு என்று ஒன்றைக் கையில் வாங்கிய முதல் ஆள் அந்த வீட்டில் அவன்தான். ஆனால் அந்தச் சீட்டில் கம்பெனியின் பெயர் இருக்காது, கான்ட்ராக்டரின் பெயர்தான் இருக்கும். பர்மனென்ட் ஆனவர்களுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. கேன்டீனில் வரிசையும் தனி. ஒன்பது வருடத்தில் அவன் கேட்ட ஒரே ஜெபம் அந்த நீலச் சட்டை.

பிளான்ட் தலைவர் பூவராகவன் ஒரு நாள் விடியலில் காரில் வரும்போது, முதுகுப் பையில் சாம்பல் சட்டை தெரிய ஓடுகிற ஒருவனைப் பார்த்தார். அவரும் ஓடுகிறவர். அரை மாரத்தானை ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடிப்பவர், அதை மீட்டிங்கில் சொல்லாமல் இருக்க முடியாதவர். கண்ணாடியை இறக்கி, பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். மறுவாரம் தானியேலை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

பிப்ரவரியில் மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளிப் பக்கம் போகும் சாலையில் ஓர் அரை மாரத்தான் நடக்க இருந்தது. இருபத்தோரு கிலோமீட்டரும் கொஞ்சமும். கம்பெனி அணிகளுக்கென்று தனியாக ஒரு கோப்பை. அணிக்கு நான்கு பேர், அதில் ஒருவராவது பெண். பூவராகவன், மெயின்டனன்ஸ் ஃபிட்டர் அந்தோணி, குவாலிட்டியில் பைனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கும் சுகிர்தா, நான்காவதாகத் தானியேல். அந்தோணியும் கான்ட்ராக்ட்தான். "இந்த வருஷம் பர்மனென்ட் லிஸ்ட்ல ரெண்டு இடம் என் கையில இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்கு மேல் பூவராகவன் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மூன்று மாதம் பயிற்சி. எல்லோர் போனிலும் ஓட்டத்தைப் பதியும் ஒரு செயலி. தானியேல் தினமும் வேலைக்கு ஓடியதோடு, ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஊர்ச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓடினான். ஜனவரி முதல் வாரத்தில் அவன் அனுப்பிய பத்து கிலோமீட்டரைப் பார்த்துப் பூவராகவன் குதித்துவிட்டார். ஐம்பத்து நான்கு நிமிடம். குறைந்த தூரத்தின் நேரத்தை வைத்து நீண்ட தூரத்தின் நேரத்தைக் கணிக்க ஓட்டக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பத்து கிலோமீட்டர் நேரத்தை ஏறக்குறைய இரண்டே காலுக்குக் கொஞ்சம் குறைவான எண்ணால் பெருக்கினால் அரை மாரத்தான் நேரம் வரும். ஐம்பத்து நான்கைப் பெருக்கினார். ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிடம். கேன்டீன் வாசலில் இருந்த வெள்ளைப் பலகையில் நான்கு பெயரையும் எழுதி, தானியேலுக்கு நேராகச் சிவப்பு மையில் இரண்டு மணி நேரம் என்று போட்டார்.

சாம்பல் சட்டைக்காரன் ஒருவனின் பெயர் அந்தப் பலகையில் வருவது அதுதான் முதல் தடவை. ஏஞ்சலின் அதைப் போனில் படமெடுத்து வரச்சொல்லிப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழுந்தவள், வேலை நிரந்தரமாகப் போகிறது என்று முன்கூட்டியே ஸ்தோத்திரம் செலுத்திவிட்டாள்.

சுகிர்தாவுக்கு அந்த எண் இடித்தது. நாற்பத்தொரு வயது, பதினாறு வருடமாக அளவு பார்க்கிறவள். அவளும் தானியேலும் சில ஞாயிறுகளில் சேர்ந்து ஓடியிருந்தார்கள். அவளை விட அவன் வேகம்தான், ஆனால் அவ்வளவு வேகம் இல்லை. டீ நேரத்தில் அவன் போனை வாங்கிப் பார்த்தாள். செயலியில் இரண்டு நேரங்கள் இருந்தன. கால் அசைந்த நேரம் ஐம்பத்து நான்கு நிமிடம் பத்து வினாடி. தொடங்கியதிலிருந்து முடித்தது வரை மொத்த நேரம் அறுபத்திரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

"நடுவுல நின்னியா?" என்று கேட்டாள்.

நின்றதாகச் சொன்னான். ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் அவன் பாதை. அன்றைக்கு மூன்று தடவை கேட் போட்டிருந்தார்கள், ஒரு தடவை நீளமான கூட்ஸ் வண்டி. ஆள் நின்றால் செயலியும் தானாக நின்றுகொள்ளும், நகர்ந்தால் மறுபடி ஓடும். அதைத் தப்பு என்று அவன் நினைத்ததே இல்லை.

"எட்டரை நிமிஷம் நின்னு மூச்சு வாங்கிக்கினு ஓடியிருக்க, தானியேலு. அது பத்து கிலோமீட்டர் இல்ல, நாலு துண்டு. கணக்கு சரி, உள்ள போட்ட சாம்பிள் தப்பு. சாம்பிள் தப்புன்னா ரிப்போர்ட்டும் தப்பு."

அந்த ஞாயிறே அவனைச் சிப்காட் உள்சாலைக்கு அழைத்துப் போனாள். கேட் கிடையாது, சிக்னல் கிடையாது. இரண்டரை கிலோமீட்டர் சுற்று, நான்கு சுற்று. செயலியின் தானாக நிற்கும் வசதியை அணைத்துவிட்டு, நிற்காமல் முடிந்த மட்டும் வேகமாக ஓடச் சொன்னாள். முடித்து அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது அறுபத்தொரு நிமிடம் ஐந்து வினாடி ஆகியிருந்தது.

அதே கணக்கில் அதைப் போட்டால் இரண்டு மணி பதினைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஆனால் அதையும் அவள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கு நீண்ட தூரம் ஓடிப் பழகின கால்களுக்கானது. தானியேல் வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர்தான் ஓடினான், அதுவும் பெரும்பாலும் ஐந்து ஐந்தாக. இரண்டு வாரம் முன்பு அவன் ஓடிய பதினெட்டு கிலோமீட்டரைத் திறந்து ஒவ்வொரு கிலோமீட்டராகப் பார்த்தாள். மொத்தம் இரண்டு மணி ஒன்பது நிமிடம். பதினான்கு வரை சீராக ஓடியவன், கடைசி நான்கில் கிலோமீட்டருக்கு நாற்பது வினாடி தளர்ந்திருந்தான். முதல் தடவை, கடலோர வெக்கை வேறு. இரண்டு மணி இருபது நிமிடம் என்று ஒரு தாளில் எழுதினாள். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் முப்பத்தெட்டு வினாடி. முதல் ஐந்து கிலோமீட்டரை அதை விடவும் மெதுவாக, ஆறு நாற்பத்தைந்தில் ஓடணும் என்று கீழே எழுதினாள். தனக்கும் அப்படியே பார்த்து, இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு மணின்னா கிலோமீட்டருக்கு அஞ்சு நாற்பத்தொண்ணு" என்றாள். "பத்து கிலோமீட்டரையே உன்னால கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷத்துக்குள்ள ஓட முடியல. அதை விட வேகமா ரெண்டு மடங்கு தூரம் எப்படி ஓடுவ?"

தானியேல் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவனுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் அவனுக்கு வந்த வினை. புரியாமல் ஓடியிருந்தால் பயமாவது இல்லாமல் ஓடியிருப்பான்.

இருவரும் பூவராகவனைப் பார்க்கப் போனார்கள். புதன்கிழமை காலை மீட்டிங் முடிந்து சூப்பர்வைசர்கள் கலையாமல் நின்றிருந்தார்கள். சுகிர்தா தாளை நீட்டி, கேட் விஷயத்தையும் இரண்டாவது ஓட்டத்தையும் சொன்னாள். பூவராகவன் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானியேலைப் பார்த்தார்.

"மேடம் உனக்கு ரெண்டு இருபது போட்டிருக்காங்க. நான் ரெண்டு மணி போட்டிருக்கேன். பலகையில எது இருக்கணும்னு நீயே சொல்லு. ரெண்டு இருபதுன்னா அழிச்சிட்டு எழுதிடுறேன், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா லிஸ்ட் போடும்போது நான் பலகையைத்தான் பார்ப்பேன்."

பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தானியேல் சுகிர்தாவைப் பார்க்கவில்லை.

"ரெண்டு மணியே இருக்கட்டும், சார்."

"இதான் வேணும்" என்றார் பூவராகவன், சூப்பர்வைசர்கள் பக்கம் திரும்பி. உற்பத்தி இலக்கையும் அவர் இப்படித்தான் வைப்பார். முடியும் என்பதற்கு மேல் கால் பங்கு ஏற்றி எழுதினால்தான் முடிகிறதாவது வரும் என்பது அவர் நம்பிக்கை. இரும்பு விஷயத்தில் அது பல தடவை பலித்திருந்தது.

இன்னொன்றையும் அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. கோப்பைக்கு ஒரு விதி இருந்தது. அணியின் நால்வரும் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஒருவர் தவறினாலும் அந்த அணியே கணக்கில் சேராது. அப்படி முடித்த அணிகளில் கூட்டு நேரம் குறைவான அணிக்குக் கோப்பை. விதித்தாள் அவர் மேஜை டிராயரில் இருந்தது. இரண்டரை என்று தெரிந்தால் இரண்டரைக்குத்தான் ஓடுவார்கள் என்று அதை அவர் யாருக்கும் காட்டவில்லை.

ஓட்டத்தன்று ஏஞ்சலின் சபையிலிருந்து நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு முதல் ரயிலில் மீஞ்சூர் வந்துவிட்டாள். ஐந்தரைக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், கொடியசைக்க வேண்டியவர் தாமதமாக வந்ததால் ஆறேகாலுக்குத்தான் தொடங்கியது. காற்று ஈரமாக, அசையாமல் நின்றது. இந்தத் தாமதத்துக்கே இன்னும் மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளச் சொல்லி சுகிர்தா அவன் காதில் சொன்னாள். இரண்டு இருபத்து மூன்று போதும், முதல் ஐந்தில் அடக்கி ஓடு என்றாள்.

"விடுங்கக்கா" என்றான் தானியேல். அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவில்லை.

முதல் ஐந்து கிலோமீட்டரை இருபத்தெட்டு நிமிடம் இருபது வினாடியில் கடந்தான். இரண்டு மணிக்கு வேண்டிய வேகம் அச்சு அசலாக. கால் பறப்பது போல இருந்ததாகப் பிறகு ஏஞ்சலினிடம் சொன்னான். சுகிர்தா தப்பாகப் போட்டுவிட்டாள் என்றே அந்த இடத்தில் நினைத்தானாம். முதல் ஐந்து கிலோமீட்டரில் எல்லாக் காலும் அப்படித்தான் சொல்லும். பத்தை ஐம்பத்தேழரை நிமிடத்தில் கடந்தான். வாழ்நாளில் அவன் நிற்காமல் ஓடிய எந்தப் பத்து கிலோமீட்டரை விடவும் அது மூன்றரை நிமிடம் வேகம். இன்னும் பதினொன்று பாக்கி.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் வெயில் கண்ணுக்கு நேராக வந்தது. மின் நிலையத்துக் குழாய்கள் ஓடும் பக்கத்தில் ஒரு மரம் கிடையாது. முதலில் தோள் இறுகியது, பிறகு வலது தொடையின் பின்புறம். தண்ணீர் மேஜையருகே நின்று குடித்தவன் மறுபடி ஓடத் தொடங்கியபோது தொடையில் ஏதோ பிடித்து இழுத்தது. பதினைந்தைக் கடக்கும்போது ஒரு மணி முப்பத்தொன்றரை. இரண்டு மணி என்ற இலக்கு அங்கேயே போய்விட்டது. அது அவனுக்குத் தெரியும், கிலோமீட்டர் வேகங்களை ஒரு வாரமாக வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்திருந்தான். ஆனால் நிற்பதற்கு மனம் வரவில்லை. நடந்தான், நாலு அடி ஓடினான், மறுபடி நடந்தான். வாந்தி எடுத்தான்.

பத்தொன்பதரையில் சுகிர்தா பின்னாலிருந்து வந்து சேர்ந்தாள். தொடக்கத்திலிருந்து கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் சொச்சம் என்று கூட்டாமல் குறைக்காமல் வந்துகொண்டிருந்தாள். அவன் வலது காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தாள். தன் இடுப்புப் பையிலிருந்து உப்புக் கரைசல் பாட்டிலை எடுத்து நீட்டினாள். தானியேல் அதைத் தட்டிவிட்டான். பாட்டில் சாலையில் உருண்டது.

"போ" என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

அவள் போனாள். அவளுக்கு அந்த விதி தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று பிறகு பல தடவை தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஒன்றும் செய்திருக்க முடியாது, இழுத்துக்கொண்டு போயிருந்தால் இரண்டு பேரும் தவறியிருப்பார்கள் என்பதுதான் ஒவ்வொரு தடவையும் கிடைத்த பதில்.

பூவராகவன் ஒரு மணி ஐம்பத்தொரு நிமிடத்தில் முடித்து, கழுத்தில் பதக்கத்தோடு இருபதாவது கிலோமீட்டர் பலகை வரை திரும்பி வந்து நின்றிருந்தார். தானியேல் கண்ணில் பட்டதும் கையில் இருந்த போனைக் காட்டி, "டூ தர்ட்டி, டூ தர்ட்டிக்குள்ள வந்தா போதும், ஓடு" என்று கத்தினார்.

இரண்டரை என்ற எண்ணைத் தானியேல் அப்போதுதான் முதல் தடவை கேட்டான். அப்போது இரண்டு மணி இருபத்திரண்டு ஆகிவிட்டது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. ஓடப் பார்த்தான். நான்காவது அடியில் தொடை இழுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தான். தொண்டர் ஒருவர் தூக்க வந்தபோது, தொட்டால் தகுதி போய்விடும் என்று பூவராகவன் அவரைத் தடுத்தார். தானியேல் தானாக எழுந்தான்.

சுகிர்தா இரண்டு இருபத்தெட்டு ஐம்பதில் முடித்தாள். அந்தோணி முன்பே இரண்டு பதினாறில் வந்திருந்தான். தானியேல் இரண்டு மணி முப்பத்து மூன்று நிமிடம் நாற்பத்தொரு வினாடியில் கோட்டைத் தாண்டினான். ஏஞ்சலினும் சபைப் பெண்களும் கைதட்டினார்கள். அவர்களுக்கு நேரம் எதுவும் தெரியாது, அவன் வந்து சேர்ந்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அவர்கள் கைதட்டும் சத்தத்துக்கு நடுவே பூவராகவன் வந்து, நாலு நிமிஷத்துல மூணு பேர் உழைப்பைக் குப்பையில போட்டுட்டான் என்று அந்தோணியிடம் சொன்னார். ஏஞ்சலின் கைதட்டுவதை நிறுத்தினாள்.

திங்கட்கிழமை தானியேல் விந்தி விந்தித்தான் வேலைக்குப் போனான். பலகை அழிக்கப்படாமல் இருந்தது. சிவப்பு மையின் பக்கத்தில் யாரோ அவன் முடித்த நேரத்தை எழுதியிருந்தார்கள். டீ இடைவேளையில் கிரைண்டர் பகுதியில் ஒருத்தன், "தானியேலு, மணி இன்னா?" என்று கேட்டான். தானியேல் நிஜமாகவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பத்தே கால் என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னும் ரெண்டு மணி ஆவலியா?" என்றான் இன்னொருத்தன். அதற்கு அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதே நின்று, ரெண்டு மணி என்றே கூப்பிட்டார்கள். ஒன்பது வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள்தான்.

லிஸ்ட்டில் அந்தோணி பெயர் வந்தது. இன்னொரு இடம் வேறு பிரிவில் யாருக்கோ போனது. சபையில் ஏஞ்சலினிடம் ஸ்தோத்திரம் என்னவாயிற்று என்று பாஸ்டரின் மனைவி கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அன்றோடு ஏஞ்சலின் அடுத்த தெரு சபைக்குப் போக ஆரம்பித்தாள்.

தொடைத் தசை கிழிந்திருந்தது. ஓய்வெடுத்தால் ஆறியிருக்கும். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஓய்வு என்றால் பெயர் நீக்கம். நாள் முழுக்க கிரைண்டர் முன் நின்றதில் அது பாதிதான் ஆறியது. மே மாதம் ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்தபோது, உடல் தகுதி குறைவு என்ற குறிப்போடு முதலில் போன பெயர் அவனுடையது. அதில் கையெழுத்துப் போட்டவர் பூவராகவன்.

ஜூலையில் தலைமை அலுவலகத்தில் இலக்கு வைப்பது பற்றிப் பூவராகவன் ஒரு பேச்சுக் கொடுத்தார். அதற்கான படங்களைத் தயாரிக்கும் வேலை சுகிர்தாவுக்கு வந்தது. ஒரு தொழிலாளி, அறுபத்தொரு நிமிடத்துக்குக் குறைவாகப் பத்து கிலோமீட்டர் ஓடியதே இல்லை. கடினமான இலக்கு வைத்ததும் அதே ஆள் ஐம்பத்தேழரையில் கடந்தான். இவ்வளவுதான் அந்தப் படத்தில் இருக்க வேண்டும் என்றார். எண்கள் இரண்டும் உண்மை. அறுபத்தொன்று அவளே அளந்தது. மீதிப் பதினொரு கிலோமீட்டரையும் போடலாமா என்று கேட்டாள். அது இந்தப் பேச்சுக்குத் தேவையில்லை என்றார். அவள் செய்து கொடுத்தாள். மகளுக்குக் கல்லூரி சேர்க்கை நடந்துகொண்டிருந்த நேரம் அது.

செப்டம்பரில் ஒரு மாலை சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் ரயிலில் சுகிர்தா உட்கார்ந்திருந்தபோது, எண்ணூர் ஸ்டேஷனில் தானியேல் ஏறினான். எண்ணூர்த் துறைமுகத்தில் சரக்குக் கட்டும் வேலை செய்கிறான், மீஞ்சூருக்கே குடிபோய்விட்டான் என்று கேள்விப்பட்டிருந்தாள். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவன் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்து நின்றான். வெளியே பார்த்தபடியே கேட்டான்.

"நீங்க எழுதிக் குடுத்த மாதிரி ஓடியிருந்தா?"

சுகிர்தா அதை எப்போதோ போட்டுப் பார்த்திருந்தாள். அவனுக்கு இரண்டு இருபத்து மூன்று. நால்வரின் நேரத்தையும் கூட்டினால் எட்டு மணி ஐம்பத்தொன்பது. கோப்பை வாங்கிய அணியின் நேரம் ஒன்பது மணி ஐந்து.

பொய் சொல்லியிருக்கலாம். வெயில் அப்படி, யாராலும் முடிந்திருக்காது என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான்.

"கப்பு நமக்குத்தான்" என்றாள். "ஆறு நிமிஷ வித்தியாசத்துல."

தானியேல் தலையாட்டினான். மீஞ்சூர் நெருங்கியதும் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"அன்னிக்கு அத்தினி பேர் முன்னாடி எங்கிட்ட கேட்டப்ப, நீங்க பேசாம நின்னுங்கினு இருந்தீங்க" என்றான்.

ரயில் நின்றது. கூட்டத்தோடு இறங்கி, வலது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி வைத்து, அவன் மேம்பாலப் படிகளை நோக்கி நடந்தான். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு அவனைக் கடந்து போனார்கள்.